மெக்காலே அன்று எங்கே இருந்தார்?

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் கட்டுரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியது. அவரிடம் நான் படித்ததில்லை. ஆனால் ஊரில் எல்லோரையும் போல நானும் அவரை ஐயா என்றுதான் அழைப்பேன். கட்டுரையின் முதல் பக்கத்தில் கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் ஒரு மேற்கோள் இருந்தது. "இந்தியாவின் குறுக்கும் நெடுக்குமாகப் பயணம் செய்தேன். ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ நான் பார்க்கவில்லை. இந்த நாட்டின் முதுகெலும்பான ஆன்மிக, பண்பாட்டு மரபை உடைக்காமல் இதை நாம் ஒருபோதும் வெல்ல முடியாது. ஆகவே இவர்களுடைய பழைய கல்வி முறையை மாற்ற வேண்டும்..." என்று போகும் அது. கீழே, "மெக்காலே பிரபு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், 1835 பிப்ரவரி 2" என்று இருந்தது.

இதைப் படிக்காத தமிழர் குறைவு. வாட்ஸப்பில் ஆண்டுக்கு நான்கு முறையாவது வந்து சேர்கிறது. பழைய தாளில் அச்சிட்டது போன்ற ஒரு படமாகவும் சுற்றுகிறது. பெயர்பெற்ற தலைவர்கள் மேடையில் சொல்லியிருக்கிறார்கள். நானே கல்லூரி நாளில் ஒரு பேச்சுப் போட்டியில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மெய்ப்புப் பார்ப்பவனுக்கு மேற்கோள் என்றால் ஒரு கடமை உண்டு. மூலத்தோடு ஒப்பிட்டு எழுத்துப்பிழை பார்க்க வேண்டும். அதற்காக ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஐயா, இந்த மேற்கோளை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள்?"

"அது நாடாளுமன்றப் பதிவிலேயே இருக்கிறது, தம்பி. தேதிகூடப் போட்டிருக்கிறேனே."

தேதி இருந்தது. அந்தத் தேதிதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

தமிழில் வரும் மேற்கோளைத் தமிழிலேயே தேடுவதில் பயனில்லை. மொழிபெயர்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள், கிடைப்பதெல்லாம் ஒன்றையொன்று பார்த்து எழுதிய பதிவுகளாகவே இருக்கும். சொன்னவர் எந்த மொழியில் சொன்னதாகக் கூறப்படுகிறதோ, அந்த மொழிக்குப் போக வேண்டும். ஆங்கில வடிவத்தைக் கண்டுபிடித்து, அதில் வேறு யாரும் தற்செயலாக எழுதிவிட முடியாத ஐந்தாறு சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினேன். முழுப் பத்தியையும் இட்டால், ஒரு சொல் மாறியிருக்கும் பழைய வடிவம் நழுவிவிடும்.

```
"one person who is a beggar"
```

கூகுள் புக்ஸில் ஆண்டு வரம்பு வைத்துத் தேடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று வரம்பு வைத்தால், மெக்காலேயின் பெயரோடு இந்த வாக்கியம் எங்குமே வருவதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய அச்சைக் கணினி தவறாகப் படித்திருக்கலாம். இதழ்களுக்கு முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாத் தொகுதிகளுக்கும் போட்டிருப்பதும் உண்டு. எனவே தேடலில் ஒன்று அகப்படவில்லை என்பது ஐயத்தைத் தரலாமே தவிர, முடிவைத் தராது.

அடுத்து நாடாளுமன்றப் பதிவு. பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களின் தொகுப்புக்கு ஹான்சார்டு என்று பெயர். பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நாள்வாரியாகப் புரட்டலாம். முகவரிக்குள்ளேயே ஆண்டும் மாதமும் இருக்கும்:

```
api.parliament.uk/historic-hansard/sittings/1835/feb
```

அந்த மாதத்தின் முதல் அமர்வு பிப்ரவரி 19 என்று காட்டியது. இரண்டாம் தேதியே இல்லை. முதலில் இதை விடுபட்ட பக்கம் என்றுதான் நினைத்தேன். பிறகு அக்கால வரலாற்றைப் பார்த்தேன். 1834 டிசம்பர் 29 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருக்கிறது. ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் பொதுத்தேர்தல். புதிய நாடாளுமன்றம் கூடியதே பிப்ரவரி 19 அன்றுதான். அதாவது மெக்காலே உரையாற்றியதாகச் சொல்லப்படும் நாளில், உரையாற்றுவதற்கு அங்கே ஒரு சபை இல்லை. அதற்கு முந்தைய அக்டோபர் 16 இரவில் பழைய நாடாளுமன்றக் கட்டடமே பெருந்தீயில் எரிந்துபோயிருந்தது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எனக்கு மனம் நிறைந்திருக்காது. அக்கால ஹான்சார்டு இன்றையதைப் போலச் சொல்லுக்குச் சொல் எழுதியது அல்ல. செய்தித்தாள் அறிக்கைகளிலிருந்து தொகுத்தது, விடுபட்ட பேச்சுகள் உண்டு. தேதி ஒருவேளை தவறியிருக்கலாம், பேச்சு உண்மையாக இருக்கலாம் என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும். ஆகவே பேச்சை விட்டுவிட்டு, ஆளைத் தேடினேன். அன்று மெக்காலே எங்கே இருந்தார்?

அவருடைய சகோதரியின் மகன் ஜார்ஜ் ஓட்டோ டிரெவெல்யன் 1876இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் கடிதங்கள் நிறைய இருக்கின்றன. மெக்காலே இந்தியாவுக்கு வந்தது தலைமை ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராக. அந்தப் பதவிக்காகத் தமது லீட்ஸ் தொகுதி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டார். 1834 பிப்ரவரியில் கப்பல் ஏறி, ஜூன் 10 அன்று சென்னையில் இறங்கினார். கிட்டத்தட்ட நான்கு மாதக் கடற்பயணம்.

சென்னையிலிருந்து அவர் போன இடம் உதகமண்டலம். தலைமை ஆளுநர் பெண்டிங்க் அப்போது அங்கே தங்கியிருந்தார். ஆர்க்காடு, பெங்களூர், மைசூர் வழியாக நீலகிரிக்குப் பயணம். நானூறு மைல் தூரத்தையும் மனிதர்களின் தோள்மீதே கடந்தேன் என்று கடிதத்தில் எழுதுகிறார். பல்லக்கு. இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். சென்னையிலிருந்து ஊட்டி வரை, வெயிலிலும் மழையிலும், ஒரு கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மாறி மாறி ஓடிய தோள்கள் எத்தனை இருந்திருக்கும்? அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. "குறுக்கும் நெடுக்குமாகப் பயணம் செய்தேன்" என்று போலி மேற்கோள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற பயணத்தின் உண்மையான உருவம் அது.

ஊட்டியில் மழைக்காலம் முழுவதும் தங்கிவிட்டு, செப்டம்பரில் சென்னைக்குத் திரும்பி, அம்மாத இறுதியில் கப்பலில் கல்கத்தா சேர்ந்தார். இப்போது கணக்குப் போடலாம். பிப்ரவரி 2 அன்று லண்டனில் பேச வேண்டுமானால், நான்கு மாதக் கப்பல் பயணத்துக்கு அவர் அக்டோபர் தொடக்கத்திலேயே கல்கத்தாவை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அதாவது வந்து இறங்கிய சில நாட்களில். அவர் கிளம்பவில்லை. 1838 வரை இந்தியாவிலேயே இருந்தார். மறுபடி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனது 1839இல், எடின்பரோவிலிருந்து. 1835 பிப்ரவரி 2 அன்று பேசச் சபையும் இல்லை, அவருக்கு அங்கே இருக்கையும் இல்லை, அவர் அந்த நாட்டிலும் இல்லை. இவை மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் நிற்கும்.

"மெக்காலே பிரபு" என்ற அடைமொழியைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள் உண்டு. அவர் பிரபு ஆனது 1857இல்தான். ஆனால் அதை நான் ஆதாரமாகக் கொள்ளமாட்டேன். பிற்காலத்துப் பட்டத்தை முற்காலத்துக்கும் சேர்த்து எழுதுவது எல்லோரும் செய்வது. பலவீனமான ஆதாரத்தைப் பலமான ஆதாரங்களோடு சேர்த்து வைத்தால், எதிராளி அந்தப் பலவீனமானதைத்தான் பிடிப்பார்.

ஆனால் உள்ளடக்கத்தில் கனமான ஒன்று இருக்கிறது. "ஒருபோதும் வெல்ல முடியாது" என்கிறது மேற்கோள். திப்பு வீழ்ந்தது 1799. கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது 1801. மராத்தியர் தோற்றது 1818. பஞ்சாபும் சிந்துவும் இன்னும் மிச்சம் இருந்தன என்பது சரிதான். ஆனாலும் 1835இல் இந்தியாவை இனிமேல்தான் வெல்ல வேண்டும் என்று பேசும் நிலையில் எந்தக் கம்பெனி அதிகாரியும் இல்லை. மெக்காலேயே 1833 ஜூலை 10 அன்று, நாடாளுமன்றத்தில் உண்மையாகவே ஆற்றிய உரையில், ஆளப்படும் நாடாகத்தான் இந்தியாவைப் பேசுகிறார். இந்திய மக்கள் கல்வி பெற்று, ஒருநாள் ஐரோப்பிய ஆட்சிமுறைகளைத் தாங்களே கேட்டால் அது இங்கிலாந்து வரலாற்றின் மிகப் பெருமைக்குரிய நாளாக இருக்கும் என்பது அந்த உரையின் புகழ்பெற்ற பகுதி. அது ஹான்சார்டின் 19ஆம் தொகுதியில் இருக்கிறது. உண்மையான மேற்கோளுக்கு இப்படித் தொகுதி எண் இருக்கும், பத்தி எண் இருக்கும். "நாடாளுமன்றப் பதிவு, 1835 பிப்ரவரி 2" என்று மொட்டையாக நிற்பதை அடிக்குறிப்பில் பார்த்தால், எழுதியவர் அந்தத் தொகுதியைத் திறக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சரி, அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? பெல்ஜிய எழுத்தாளர் கோன்ராட் எல்ஸ்ட் இதைத் தேடியிருக்கிறார். இந்து தேசியவாதத்துக்குப் பரிவானவராக அறியப்பட்டவர், மெக்காலேயைக் காப்பாற்ற அவருக்கு எந்த அவசியமும் இல்லை. 'அவேக்கனிங் ரே' என்ற இதழின் நான்காம் தொகுதி, ஐந்தாம் எண்ணில் இந்தப் பத்தி வந்திருப்பதை அவர் சுட்டுகிறார். நாஸ்டிக் சென்டர் என்ற அமைப்பு வெளியிட்ட இதழ் அது. அங்கே இந்த வரிகளுக்கு முன்னால் ஒரு சிறு குறிப்பு இருந்தது: "அவருடைய சொற்களின் சாரம் இப்படி இருந்தது."

அந்தக் குறிப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எழுதியவர் ஏமாற்ற நினைக்கவில்லை. மெக்காலேயின் எண்ணம் என்று தாம் புரிந்துகொண்டதைத் தம் சொல்லில் எழுதி, இது சாரம் என்று சொல்லியும்விட்டார். அடுத்து எடுத்தவர் பத்தியை எடுத்தார், அந்த ஒரு வரியை விட்டார். சாரம் நேர்ச்சொல்லாக மாறிவிட்டது. அதன் பிறகு எத்தனை ஆயிரம் பேர் எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் அந்த வரி திரும்ப வராது. பரவும் செய்திகள் பலவற்றில் கெடுதல் நடக்கும் இடம் இதுதான்: "ஏறக்குறைய", "ஒரு மதிப்பீட்டின்படி", "இந்த மாவட்டத்தில் மட்டும்" போன்ற சொற்கள் கழன்று விழும் முதல் நகல்.

தேதி மட்டும் ஏன் சரியாக இருந்தது என்ற கேள்வி மிச்சம். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே உண்மையிலேயே ஒன்றைச் செய்தார். கல்கத்தாவில், கல்வி பற்றிய தமது புகழ்பெற்ற குறிப்பில் அந்தத் தேதியிட்டுக் கையெழுத்திட்டார். நாடாளுமன்ற உரை அல்ல அது, தலைமை ஆளுநரின் பார்வைக்கு எழுதிய அலுவலகக் குறிப்பு. அதனால்தான் இந்தப் போலி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. யாராவது பாதி தூரம் சரிபார்த்தால், மெக்காலே, இந்தியக் கல்வி, அதே தேதி என்று எல்லாம் பொருந்தி வரும். அங்கேயே திருப்தி அடைந்து திரும்பிவிடுவார்கள்.

அந்தக் குறிப்பின் முழு வடிவம், எச். ஷார்ப் தொகுத்து 1920இல் கல்கத்தாவில் அரசு அச்சிட்ட கல்வி ஆவணத் தொகுப்பின் முதல் பகுதியில் இருக்கிறது. 1781 முதல் 1839 வரையிலான ஆவணங்கள். மெக்காலேயின் குறிப்பு 107ஆம் பக்கத்தில் தொடங்கிப் பத்துப் பக்கம் போகிறது. ஒரு மாலையில் படித்துவிடலாம். பிச்சைக்காரனும் இல்லை, திருடனும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. இருப்பது வேறு. தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு, நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அடுக்கு இந்தியா, அரேபியாவின் இலக்கியம் அனைத்துக்கும் ஈடு என்பதைக் கீழைமொழி அறிஞர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்கிறார். நமக்கும் நாம் ஆளும் கோடிக்கணக்கானவர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்களாக நிற்க ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும், அவர்கள் இரத்தத்திலும் நிறத்திலும் இந்தியர், ரசனையிலும் கருத்திலும் ஒழுக்கத்திலும் அறிவிலும் ஆங்கிலேயர் என்கிறார். பெண்டிங்க் அதன் கீழே தமது முழு உடன்பாட்டை எழுதினார். மார்ச் 7 அன்று அது அரசின் தீர்மானம் ஆனது.

படித்து முடித்தபோது எனக்கு வந்த கோபம், போலி மேற்கோளைப் படித்த நாளில் வந்ததே இல்லை. போலியில் வரும் மெக்காலே நம்மை வியக்கிறார். இவ்வளவு உயர்ந்தவர்களை எப்படி வெல்வது என்று மலைத்துப்போய் சூழ்ச்சி செய்கிறார். உண்மையான மெக்காலே நம்மை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தமக்குத் தெரியாத மொழிகளின் நூல்களை, படிக்காமலே, ஓர் அடுக்குக்குள் அடக்கிவிட்டுப் போகிறார். அந்தப் பட்டியலில் தமிழ் பெயரளவுக்குக்கூட இல்லை. நானூறு மைலில் ஒரு பங்கையாவது தமிழ் பேசிய தோள்கள்மீது கடந்திருக்கக்கூடியவர் அவர். நம்மை இனிமையாகப் புகழும் ஒரு பொய், நம்மை அவமதித்த உண்மையை இத்தனை ஆண்டுகளாக மறைத்து வைத்திருக்கிறது. இது எனக்கு மிகவும் வலிக்கிறது.

இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஷார்ப் தொகுப்பின் பக்கங்களை விரல் வைத்துப் படித்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நான் பொய் எழுதிவிட்டேனா, தம்பி?"

"நீங்கள் எழுதவில்லை ஐயா. உங்களுக்கு வந்தது அப்படி வந்தது."

"ஆனால் நமக்குப் பள்ளிகள் இருந்தன என்பது பொய் இல்லையே?"

அந்தக் கேள்விக்கும் மூலம் இருக்கிறது. மெக்காலே வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1822இல், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் 10 தேதியிட்ட தமது குறிப்பில் அதைத் தொகுத்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் கல்லூரிகளும், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை 1,28,50,941. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் கலெக்டர்களின் அறிக்கைகள் சாதிவாரிக் கணக்கோடு அச்சாகியிருக்கின்றன. தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை.

இந்த எண்ணையும் அப்படியே தூக்கிப் போட்டால் நாமும் அதே தவற்றைச் செய்தவர்கள் ஆவோம். மக்கள்தொகையை ஒன்றேகால் கோடி என்று தோராயமாக வைத்தால், 67 பேருக்கு ஒருவர்தான் படிக்கிறார் என்று மேலோட்டமாகத் தெரியும், ஆனால் அது சரியல்ல என்று மன்றோவே விளக்குகிறார். பெண்பிள்ளைகள் மிகச் சிலரே பள்ளிக்கு வந்தார்கள். ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவர்களை மட்டும் எடுத்தால் பள்ளியில் இருப்பவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கலாம் என்று மதிப்பிடுகிறார். சென்னை நகரில் வீட்டில் படிப்போர் 26,963 என்று வந்த கணக்கு மிகையாக இருப்பதால், அதில் ஏதோ பிழை இருக்கக்கூடும் என்றும் எழுதிவைக்கிறார். தம் நாடான பிரிட்டனோடு ஒப்பிட்டால் இது தாழ்வுதான், ஆனால் சற்று முந்தைய காலம்வரை ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இருந்த நிலையைவிட மேலானது என்பது அவர் முடிவு.

ஐயா அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, மெய்ப்புத் தாளில் கட்டத்துக்குள் இருந்த மேற்கோளைக் குறுக்காக அடித்தார். அதன் பக்கத்தில், கரும்பலகைக்குப் பழகிய கையெழுத்தில், 12,498 என்று எழுதி, கீழே "மன்றோ குறிப்பு, 10.3.1826" என்று போட்டார். சற்று யோசித்து, "பெண்பிள்ளைகள் மிகச் சிலர்" என்பதையும் சேர்த்தார்.

"இந்தப் பன்னிரண்டாயிரத்தில் நம் தாலுகாவுக்கு எத்தனை, தம்பி?"

"தரம்பால் நூலில் கலெக்டர் அறிக்கையைப் பார்க்க வேண்டும், ஐயா. அதில் இல்லையென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும்."

"அச்சகத்துக்கு எப்போது கொடுக்க வேண்டும்?"

"அடுத்த மாதம் ஐந்தாம் தேதி."

"அப்படியானால் திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடு. இரண்டு."